தமிழ்ப் பெயர்களை அகர வரிசையில் அடுக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பாமினி எழுத்துருவில் இருந்த எங்கள் நூலக உறுப்பினர் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றி SQLite-இல் ஏற்றினேன். `ORDER BY name` கொடுத்தால் கனகா, கபிலன், கமலா என்று வருகிறது. யூனிகோடில் ன எழுத்து ந-வுக்கு அடுத்தே இருப்பதுதான் காரணம். கபிலன், கமலா, கனகா என்று வர வேண்டும்.

புள்ளியும் தொல்லை தருகிறது. அதன் எண் எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பிந்தியது என்பதால் கணபதிக்குப் பிறகே கண்ணன் வருகிறார். அகராதி முறையில் கண்ணன்தான் முதலில்.

அப்புறம், சில பெயர்களில் ‘கொ’ இரண்டு குறிகளாக உடைந்திருந்தது. அவற்றை NFC-க்கு மாற்றிச் சரிசெய்துவிட்டேன்.

இப்போது பைத்தானின் `create_collation` வழியே ஓர் ஒப்பீட்டுச் சார்பு எழுதப் பார்க்கிறேன். மெய்யை அகரமேறிய எழுத்துக்கு முன்னால் வைக்கும் சார்பு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். ஜ, ஸ, ஹ எழுத்துகளை ன-வுக்குப் பிறகு வைத்தால் சரிதானே?