சிங்களத்தில் மரியாதையாக "வேண்டாம்" சொல்வது எப்படி?

வணக்கம். மதுரையிலிருந்து கொழும்புக்குச் சுற்றுலா வந்திருக்கிறேன். நேற்று மாலை காலிமுகத்திடலில் பட்டம் விற்ற ஒரு பெரியவர் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். எனக்குத் தெரிந்த ஒரே சொல் "எபா". அதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது, மனசே கேட்கவில்லை. அதைத் தனியாகச் சொன்னால் வெடுக்கென்று இருக்குமாம். "ஓனே நே, ஸ்தூதி", அதாவது 'தேவையில்லை, நன்றி' என்பது மென்மை என்றார் விடுதிக்காரர்.

சரி, எப்படி அழைப்பது? சிங்களத்தில் "அய்யா" அண்ணன், "மல்லி" தம்பியாம். அறுபது வயதுக்காரரை "அய்யா" எனலாமா, "அங்கிள்" நல்லதா? நாளை புறக்கோட்டைக்குப் போகிறேன். அங்கே தமிழிலேயே "வேண்டாம் அண்ணே" என்றால் போதுமா? கொழும்பில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.