புதுப்பிப்பு: தட்டுக்குப் பக்கத்தில் தரையைப் பிறாண்டும் பூனை

நான் முன்பு கேட்டது: "சாப்பிட்டதும் எங்க பூனை தட்டுக்குப் பக்கத்துல டைல்ஸைப் பிறாண்டுது. சாப்பாடு பிடிக்கலையா?"

தருமபுரியில் கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். மிச்சத்தின் வாசனை மற்ற விலங்குகளை இழுக்காமல் மூடிவைக்கும் பழக்கம் அது, பூமா என்ற பெரிய காட்டுப்பூனைகூட வேட்டையின் மிச்சத்தை இலை, மண் தள்ளி மூடும் என்றார். டைல்ஸில் மண் வராவிட்டாலும் கால் அசைவு நிற்பதில்லை.

'பிடிக்கலை, அதான்' என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பாதி சரி. மிச்சம் இருக்கும்போதுதான் அதிகம் பிறாண்டுகிறது. மீன் சோற்றைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்ததும் குறைந்தது. ஆனால் காலித் தட்டருகிலும் சிலசமயம் ஏன் பிறாண்டுகிறது என்று தெரியவில்லை.

 

ஒன்று முக்கியம்: முகர்ந்துவிட்டு ஒரு வாய்கூடத் தின்னாமல் பிறாண்டி நகர்ந்தால், எச்சில் ஒழுகினால், குமட்டலோ பல்வலியோ இருக்கலாம். ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டால் உடனே காட்டுங்கள். பட்டினி நீண்டால் பூனைக்குக் கல்லீரல் கெடலாம்.