மாமா முன்னால் திருப்பிப் பேசி மாட்டிக்கொண்டோம், உங்களுக்கும் நடந்ததா?

செல்லூர்க்காரன்:
பெரியவர்களுக்குப் புரியக்கூடாது என்று சின்ன வயதில் நாங்கள் ஒரு ரகசியப் பேச்சு பேசுவோம். எங்கள் தெருவில் இதற்குத் ‘திருப்பிப் பேசுறது’ என்று பெயர். ஒவ்வொரு சொல்லையும் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். சினிமா ‘மானிசி’ ஆகும், சாயங்காலம் ‘லம்காயங்சா’ ஆகும். புள்ளி வைத்த எழுத்து மட்டும் தனியாக வராது, முன்னால் நிற்கும் எழுத்தோடு ஒட்டிக்கொண்டே நகரும். பணம் என்பதை ‘ணம்ப’ என்றுதான் சொல்ல வரும், ‘ம்ணப’ என்றால் வாயில் நுழையாது.

ஒன்பதாம் வகுப்பு லீவில் நானும் சித்தப்பா மகனும் மாமா வீட்டில் இருந்தோம். மாமா கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “லம்காயங்சா மானிசி மாலாபோ?” என்றான் அவன். “லாம்போ” என்றேன். மாமா தலையைத் தூக்கவில்லை. அந்தத் தைரியத்தில் அவன், “டகிட்மாமா தலாசொல்” என்றான். பேப்பர் கீழே இறங்கியது. “மாமாவுக்கு என்னடா?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மானிசின்னா சினிமாவா?” என்றார். அதோடு போச்சு.

எந்தெந்தச் சொல் இப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேலூர் அக்கா:
அதனால்தான் நாங்கள் க பாஷை பேசினோம் தம்பி. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ஒரு க. ‘நீ வரியா’ என்பது ‘கநீ கவகரிகயா’. வேகமாகச் சொன்னால் எந்தப் பெரியவராலும் கண்டுபிடிக்கவே முடியாது.

திருமங்கலம் வாத்தியார்:
அக்கா சொல்வதில் பாதி சரி. ‘நீ’, ‘வா’ மாதிரி ஒற்றை எழுத்துச் சொல்லைக்கூட க பாஷை மறைத்துவிடும். திருப்பிப் பேசினால் ‘வா’ எப்போதும் ‘வா’தான். ஆனால் க பாஷையில் ஒன்று விட்டு ஒன்று க வந்துகொண்டே இருக்கும். அந்தத் தாளம் பிடிபட்டுவிட்டால் காது தானாகவே க-வைக் கழித்துவிடும். இருபது வருடம் வகுப்பெடுத்திருக்கிறேன். “கடீச்கசர் கவகராங்கக” என்று பின் பெஞ்சில் கேட்டதும் யார் வருகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிடும். அதைவிட, இன்றைய அம்மாக்களில் பலர் சின்ன வயதில் அதையே பேசியவர்கள்.

செல்லூர்க்காரர் மாட்டியது, மாமா என்ற சொல் எந்தப் பக்கம் இருந்து படித்தாலும் மாமாவாகவே இருப்பதால்தான். தாத்தாவும் ‘தாதாத்’ என்றுதான் ஆகும், அவருக்குக் கேட்டால் போதும். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்குத் தனியாக ஒரு பெயர் வைத்துக்கொள்வதுதான் வழி.

பாலமேடு பங்காளி:
எங்க அய்யா மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, தரகர் விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்கே என்ன விலை என்று தெரியாது. அதுவும் இந்த வகைதானே?

திருமங்கலம் வாத்தியார்:
இல்லை தம்பி, அதில் பேச்சே கிடையாது. அதோடு விலைக்கு மட்டும்தான் ஆகும். திருப்பிப் பேசுவது எந்தச் சொல்லுக்கும் ஆகும், இன்றைக்குப் புதிதாக வந்த சொல்லாக இருந்தாலும்.

பாரிஸ் மருமகள்:
ஊர் அனுப்பானடி, இப்போது இருப்பது பிரான்ஸ். இங்கே பையன்கள் பேசுவதற்கு ‘வேர்லான்’ என்று பெயர். ‘லான்வேர்’ என்றால் தலைகீழ், அதையே திருப்பிப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஒற்றை அசைச் சொல்லையும் அவர்கள் விடுவதில்லை. பெண் என்பதற்கு ‘ஃபாம்’ என்பார்கள். கடைசியில் ஓர் உயிர் ஒலியைச் சேர்த்து இரண்டாக்கி, திருப்பி, வாலை வெட்டிவிட்டால் ‘மெஃப்’. அரபுக்காரரைக் குறிக்கும் ‘பெர்’ என்ற சொல்லும் இப்படி வந்ததுதான். அது எல்லோருக்கும் தெரிந்துபோனதும் அதையே மறுபடி திருப்பி ‘ரெபெ’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

செல்லூர்க்காரன்:
அட, அந்த உயிர் ஒலி நம் பேச்சிலேயே இருக்கிறதே! பாலைப் ‘பாலு’ என்கிறோம், போனைப் ‘போனு’ என்கிறோம். அப்படியென்றால் ‘லுபா’, ‘னுபோ’. ஆனால் வா, போ, நீ இவற்றுக்கு என்ன செய்வது?

திருமங்கலம் வாத்தியார்:
டா சேர்த்தால் ‘டாவா’, ‘டாபோ’ என்று ஆகிவிடும். ‘நீ’க்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அழகர்கோவில் ரோடு:
எங்கள் பக்கம் இரண்டு சொல்லின் முதல் ஒலியை மட்டும் மாற்றுவோம். தோசை மாவு ‘மோசை தாவு’ ஆகும். திருப்பிப் பேசுவதைவிட இதுதான் பழையது என்று நினைக்கிறேன்.

செல்லூர்க்காரன்:
பழையதா இல்லையா என்று தெரியாது, எங்கள் தெருவில் யாரும் அப்படிப் பேசியதில்லை.

மேலூர் அக்கா:
இதையெல்லாம் நேற்றுப் படித்துவிட்டுத்தான் படுத்தேன். இன்று மதியம் மகன் தங்கையைப் பார்த்து, “றுசோ டாம்வேண், சைதோ” என்றான். தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டேன். எனக்குப் புரிந்தது என்று இன்னும் சொல்லவில்லை.