வேலை போய்விட்டது: வீட்டுக்கடன் தவணையை 8,000 ஆகக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுதலாமா?

திருவொற்றியூர்வாசி (கேட்டவர்)

மணலியில் ஒரு கிடங்கில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தேன். சம்பளம் 38,000. கிடங்கை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு எங்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். கணக்கு முடித்து 70,000 ரூபாய் கையில் கொடுத்தார்கள். இப்போது மூலக்கடையில் தெரிந்தவர் கடையில் கணக்கு எழுதுகிறேன், மாதம் 9,000. மனைவி தனியார் பள்ளியில் டீச்சர், 14,000 வருகிறது.

வீட்டுக்கடனில் இன்னும் 14 லட்சம் பாக்கி, வட்டி 9 சதவீதம், மீதி 10 வருடம். தவணை 17,735. இந்த மாதத் தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது. வீட்டுச் செலவு 15,000 போக கையில் நிற்பது 8,000தான். அதனால் இப்படி ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்:

"ஐயா, எனக்கு வேலை போய்விட்டது. குடும்பம் மிகவும் கஷ்டத்தில் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அம்மாவுக்கு மருந்துச் செலவு. தாங்கள் கருணை கூர்ந்து மாதத் தவணையை 8,000 ஆகக் குறைத்து உதவும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இது போதுமா? இதைவிடப் பணிவாக எழுத வேண்டுமா? வயது 44.

கொருக்குப்பேட்டை தம்பி

அண்ணே, எதுக்குக் கெஞ்சணும்? ரிசர்வ் வங்கியே ஆறு மாசம் தவணை கட்ட வேண்டாம்னு உத்தரவு போட்டிருக்கு. வேலை போனவங்களுக்கு வங்கி கொடுத்தே ஆகணும். அந்த உத்தரவைக் குறிப்பிட்டு எழுதுங்க. அப்புறம், 90 நாள் வரைக்கும் வங்கியால எதுவும் செய்ய முடியாது, அதனால அவசரமும் இல்லை.

வியாசர்பாடி அக்கா

எனக்கும் இதே நிலைமை வந்தது தம்பி. பெர்சனல் லோன். நான் கட்டவே இல்லை. கடைசியில் அவர்களே கூப்பிட்டு, மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் முடித்துவிடுகிறோம் என்றார்கள். நகையை விற்றுக் கட்டி முடித்தேன். பாதிக்கும் கீழேதான் ஆனது. நீங்களும் பொறுமையாக இருந்து செட்டில்மென்ட் கேளுங்கள்.

ராயபுரம் ஓய்வு (வங்கியில் கடன் பிரிவில் இருந்தவர்)

அக்கா சொன்னது ஈடு இல்லாத கடனுக்குப் பொருந்தலாம். இங்கே வீட்டுப் பத்திரம் வங்கியிடம் இருக்கிறது. கட்டாமல் விட்டால், வாராக்கடன் ஆனதும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, அதன்பிறகு நீதிமன்றத்தில் வழக்கு நடத்தாமலேயே வீட்டைக் கையகப்படுத்தும் வழிக்குப் போகலாம். இவர் வீட்டை வைத்துக்கொள்ளத்தான் கேட்கிறார். செட்டில்மென்ட் என்றால் சிபிலில் அதுவும் 'செட்டில்டு' என்று பதிவாகும், முழுதாகக் கட்டி முடித்ததாக வராது.

கொருக்குப்பேட்டை தம்பி சொல்வது கோவிட் காலத்து ஏற்பாடு. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை ஒத்திவைப்பு இருந்தது. அதற்குப் பிறகு வந்த மறுசீரமைப்புத் திட்டமும் 2021 செப்டம்பர் 30க்குள் தொடங்கிய கணக்குகளோடு முடிந்துவிட்டது. இன்றைக்கு இது வங்கியின் விருப்பம், அவரவர் வங்கியின் கொள்கை. இல்லாத உத்தரவைச் சொல்லி எழுதினால் கடிதத்தின் மதிப்பு போய்விடும். 90 நாள் தாண்டினால்தான் வாராக்கடன் என்பது சரி, அதுவரை அவசரம் இல்லை என்பது சரியில்லை. ஒரு தவணை தவறியதிலிருந்தே கணக்கு கண்காணிப்புப் பட்டியலில் ஏறிவிடும். 30 நாள், 60 நாள் தாண்டினால் படிப்படியாகக் கீழே இறங்கும். மேலே இருக்கும்போது கேட்பவருக்குத்தான் கிளை மேலாளர் பரிந்துரை எழுதுவார்.

இனி உங்கள் கடிதம். பணிவில் குறை ஒன்றும் இல்லை. தொகையில்தான் சிக்கல். 14 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் மாத வட்டி மட்டும் 10,500. நீங்கள் 8,000 கட்டினால் வட்டிக்கே மாதம் 2,500 குறைகிறது. அந்தக் குறை பாக்கியில் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் தவறாமல் கட்டுவீர்கள், கடன் மட்டும் வளரும். இந்த ஒரு கணக்கைப் பார்த்தே மண்டல அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மேலாளருக்கு உங்கள் மேல் இரக்கம் இருந்தாலும், முடிவெடுப்பவர் உங்களைப் பார்த்திராதவர். அவர் கையில் இருப்பது காகிதம்தான்.

திருவொற்றியூர்வாசி

8,000க்கு மேல் எங்கே போவது ஐயா? மளிகை, பால், காய் 7,500. பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 3,500. கரண்ட், கேஸ், போன் 2,000. அம்மா மருந்து 2,000. இதில் எதைக் குறைப்பது?

ராயபுரம் ஓய்வு

எதையும் குறைக்க வேண்டாம் தம்பி. அந்தக் கணக்கை அப்படியே கடிதத்தில் வையுங்கள், அதுதான் அவர்கள் தேடுவது. குறைகிற 2,500ஐ கையில் இருக்கும் 70,000லிருந்து எடுங்கள். ஆறு மாதத்துக்கு 15,000தான். ஆக, ஆறு மாதம் வட்டியை மட்டும், அதாவது 10,500 கட்டுகிறேன் என்று சொல்லலாம். வட்டியை முழுதாகக் கட்டும்போது பாக்கி 14 லட்சத்திலேயே நிற்கும்.

ஏழாவது மாதம் முதல், மீதிக் காலத்தை 15 வருடமாக்கச் சொல்லுங்கள். தவணை 14,200 வரும். கடன் முடியும்போது உங்களுக்கு வயது 60 நெருங்கும். பல வங்கிகள் இந்த வயதுக் கணக்கைப் பார்க்கும். இதற்கு விலை உண்டு. பழைய தவணைப்படி 10 வருடத்தில் மொத்தம் சுமார் 21 லட்சத்து 28 ஆயிரம் கட்டுவீர்கள். புதிய முறையில் சுமார் 26 லட்சத்து 19 ஆயிரம். ஏறக்குறைய 4 லட்சத்து 90 ஆயிரம் கூடுதல். அதனால் பிறகு சம்பளம் கூடும்போது தவணையை ஏற்ற அனுமதி வேண்டும் என்றும் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

என் கையில் விட்டால் கடிதத்தை இப்படி எழுதுவேன்:

"கிளை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: வீட்டுக்கடன் கணக்கு எண் ……. மறுசீரமைப்பு வேண்டுதல்.

நான் பணிபுரிந்த நிறுவனம் தன் கிடங்கை இடம் மாற்றியதால் …… தேதியுடன் என் வேலை முடிவுக்கு வந்தது. பணிவிடுவிப்புக் கடிதம் இணைத்துள்ளேன். அந்த மாதம் வரை எல்லாத் தவணைகளும் உரிய தேதியில் கட்டப்பட்டுள்ளன. இந்த மாதத் தவணை ரூ.17,735 மட்டும் நிலுவையில் உள்ளது.

தற்போது குடும்ப வருமானம் மாதம் ரூ.23,000, அத்தியாவசியச் செலவு ரூ.15,000. விவரமும் சான்றுகளும் இணைப்பில். வேலை முடிந்தபோது கிடைத்த தொகையில் ரூ.15,000ஐத் தவணைக்கென்று ஒதுக்கியுள்ளேன்.

அடுத்த 6 மாதங்களுக்கு மாத வட்டி ரூ.10,500 மட்டும் செலுத்தவும், அதன்பின் மீதிக் காலத்தை 180 மாதங்களாக நீட்டித்து மாதம் ரூ.14,200 செலுத்தவும் அனுமதி கோருகிறேன். வருமானம் உயரும்போது தவணையை உயர்த்தவும் வழி வேண்டும். நிலுவைத் தவணையை எவ்வாறு சேர்ப்பது, இக்கணக்கு சிபிலில் எப்படிப் பதிவாகும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு, (கடன்தாரர், இணைக் கடன்தாரர் கையொப்பம்)"

கடைசி வரியைக் கவனியுங்கள். மனைவியும் கடனில் சேர்ந்திருந்தால் அவர் கையெழுத்து இல்லாமல் எதையும் மாற்ற மாட்டார்கள். பலருடைய மனு இதற்காகவே திரும்பி வந்திருக்கிறது. மூலக்கடை சம்பளத்தை இனிமேல் கையில் வாங்காதீர்கள், வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கடைக்காரரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். ரொக்கமாக வரும் 9,000த்தை அவர்கள் வருமானமாகவே எடுக்காமல் போகலாம். கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் போட்டு வாங்கி வையுங்கள்.

கொருக்குப்பேட்டை தம்பி

கடிதம் கொடுத்துட்டா அதுவரைக்கும் பழைய தவணையை எடுக்க மாட்டாங்கதானே ஐயா?

ராயபுரம் ஓய்வு

எடுப்பார்கள் தம்பி, அதுதான் பலருக்குத் தெரிவதில்லை. மனு மேசையில் இருக்கும்போதும் ஒவ்வொரு மாதமும் 17,735க்குத்தான் இசிஎஸ் வரும். கணக்கில் 10,500 மட்டும் இருந்தால் மொத்தமாகத் திரும்பிவிடும், பவுன்ஸ் கட்டணமும் ஜிஎஸ்டியும் விழும். அதனால் பணத்தை நேராகக் கடன் கணக்கு எண்ணுக்கே அனுப்புங்கள். பெரும்பாலும் பழைய நிலுவையில்தான் முதலில் வரவு வைப்பார்கள். இரண்டு மாதம் 10,500 கட்டினால் 21,000. அதில் முதல் தவணை முழுதாக அடைந்து, 3,265 இரண்டாவதில் சேரும். அபராதக் கட்டணம் போடுவார்கள், ஆனால் 2024 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கஷ்டத்தில் இருப்பவருக்காக நிபந்தனையை மாற்றினால், பொதுவாக அந்தக் கணக்கை வாராக்கடன் வகைக்கு இறக்க வேண்டும் என்பது விதி. கிளைகள் தயங்குவதற்குக் காரணம் இதுதான். சிபிலிலும் தெரியும். கொஞ்ச காலத்துக்கு வேறு கடன் கிடைப்பது சிரமம். உங்களுக்கு இப்போது வேறு கடன் தேவைப்படாது என்றால் வீடு நிற்பதுதான் பெரிது என்பது என் கருத்து.

வியாசர்பாடி அக்கா

பதிலே சொல்லாவிட்டால்? போனில் கத்துகிற ஆட்களை அனுப்பினால்?

ராயபுரம் ஓய்வு

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் ஆட்கள் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் நேரத்தைக் குறித்து வையுங்கள். பதிலே வராவிட்டால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாள் கழித்து cms.rbi.org.in தளத்தில், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். ஆனால் பதில் தரவில்லை என்பதற்குத்தான் அங்கே கேட்க முடியும். தவணையைக் குறை என்று வங்கிக்கு அவர் உத்தரவு போட மாட்டார், அது வங்கியின் வணிக முடிவு.

திருவொற்றியூர்வாசி

நன்றி ஐயா. மனைவியும் நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். மேலாளர் வாசித்துவிட்டு, ஆறு மாதம் அதிகம், மூன்று மாதம் என்றால் பரிந்துரை செய்கிறேன் என்கிறார். நான்காவது மாதமே 14,200 என்றால் எனக்குக் கஷ்டம்.

ராயபுரம் ஓய்வு

ஒத்துக்கொண்டு மறுபடி தவறுவதுதான் மோசம். இரண்டாவது முறை கேட்டால் கதவு திறக்காது. மூன்று மாதத்துக்குச் சரி சொல்லுங்கள், பதிலுக்குக் காலத்தை 20 வருடமாகக் கேளுங்கள். தவணை சுமார் 12,600 ஆகும். கையில் நிற்கும் 8,000 போக மாதம் 4,600 வேண்டும். முதல் மூன்று மாதத்துக்கு 7,500 போனால் உங்கள் 70,000த்தில் 62,500 மிஞ்சும், அது இன்னும் ஒரு வருடம் தாங்கும். முடியும்போது உங்கள் வயது 64 ஆகிறது, அதை இந்த வங்கி ஏற்குமா என்று மேலாளரிடமே கேளுங்கள். மனைவி வயது உங்களைவிடக் குறைவுதானே? அவரை முதல் கடன்தாரராக வைத்துக் கணக்கிட முடியுமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டு வாருங்கள்.