யாரும் போட்டிக்கு இல்லாத சந்தைக்கு என்ன பெயர்? ஒரு கலைச்சொல் தேடல்

செந்தூலிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். 2012 ஜனவரியில் நடப்புக்கு வந்த நம் மலேசியப் போட்டிச் சட்டத்தைப் பற்றிச் சிறு வணிகர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். ஓர் இடத்தில் கை நின்றுவிட்டது. சந்தையில் விற்பவர் ஒருவர்தான். ஆனால் விலையை ஏற்றினால் நாளையே வேறொருவர் உள்ளே வரலாம். அந்தப் பயத்திலேயே அவர் விலையை அடக்கி வைக்கிறார். பொருளியலாளர்கள் வில்லியம் பாமல், ஜான் பன்சார், ராபர்ட் வில்லிக் மூவரும் 1982-இல் விரித்துச் சொன்ன கருத்து இது. ஆங்கிலத்தில் contestable market எனப்படும் இப்படிப்பட்ட சந்தையைத் தமிழில் என்ன சொல்வது? ‘போட்டியிடத்தக்க சந்தை’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. புதியவரை மறிப்பவற்றுக்கு ‘நுழைவுத் தடை’ என்று போட்டிருக்கிறேன். அது சரிதானா?

கிள்ளானிலிருந்து

ஐயா, நுழைவுத் தடை பற்றி நானே கேட்க நினைத்தேன். என் உணவகத்துக்கு வங்காளதேசத்திலிருந்து ஆள் எடுக்க மனு போட்டு எட்டு மாதம் ஆகிறது. தடை எப்போது நீங்கும் என்று உங்கள் கையேட்டில் வருமா?

செந்தூலிலிருந்து

அண்ணே, நான் சொன்னது குடிநுழைவுத் துறையின் தடையை இல்லை, மன்னிக்கவும். ஆனால் உங்கள் கேள்வியே எனக்குப் பதில். வணிகர் ஒருவர் இப்படிப் படித்தால் அந்தச் சொல் கையேட்டுக்கு ஆகாது. ‘புகுதடை’ என்று மாற்றுகிறேன்.

பினாங்கிலிருந்து, ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

புகுதடை நல்ல சொல். ‘போட்டியிடத்தக்க’ வேண்டாம். அதைக் கேட்டதும் நிறைய பேர் மோதிக்கொள்ளும் சந்தைதான் கண்ணில் வரும். இங்கே செய்தியே நேர்மாறு: போட்டி போட ஒருவரும் இல்லை, ஆனாலும் போட்டி இருப்பதுபோல் விலை நடந்துகொள்கிறது. ‘அறைகூவற் சந்தை’ என்று வைத்துப் பாருங்கள். வெளியே நிற்பவன் எந்த நேரமும் அறைகூவல் விடலாம் என்பது அதில் இருக்கிறது.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து, பள்ளி ஆசிரியை

ஐயா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் ‘குறைமுதல் சந்தை’ என்றால் இன்னும் எளிது இல்லையா? முதல் நிறைய வேண்டிய தொழிலில் புதியவர் வர முடியாது. குறைந்த முதல் போதுமென்றால் யாரும் வரலாம். எல்லாம் அந்தத் தொகையில்தானே இருக்கிறது.

பினாங்கிலிருந்து

டீச்சர், பாதி சரி. தொகை பெரிதா சிறிதா என்பதைவிட, தொழிலை விட்டுப் போகும்போது அது திரும்புமா என்பதுதான் முக்கியம். விமானம் எவ்வளவு விலை! ஆனால் ஒரு வழித்தடம் சரியில்லை என்றால் அதே விமானத்தை வேறு ஊருக்குப் பறக்கவிடலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம். அதனால்தான் 1978-இல் அமெரிக்காவில் விமானத் தொழிலின் கட்டுப்பாடுகளை நீக்கியபின், இந்தக் கோட்பாட்டுக்காரர்கள் விமானத்தை விரும்பி உதாரணம் காட்டினார்கள். சின்னக் கடைக்கு ஓடு பதித்து, குழாய் இழுத்து, பெயர்ப்பலகை மாட்டினால் தொகை குறைவுதான். ஆனால் கடையை மூடும்போது அதில் ஒரு காசும் கையில் வராது. வராத அந்தப் பங்கை ‘மூழ்கிய செலவு’ என்று பெயர்க்கிறார்கள். எனக்கு ‘மீளாச் செலவு’ பிடிக்கும்.

பட்டர்வொர்த்திலிருந்து, கனோபி வாடகைக்காரர்

ஐயா, நான் அதிகம் படிக்காதவன். ஆனால் நீங்கள் பேசுவது என் தொழில். எங்கள் தாமான் பக்கம் கனோபி, நாற்காலி வாடகைக்கு நான் ஒருவன்தான். ஒரு விருந்துக்கு ஆள் கூலி, டீசல் எல்லாம் சேர்த்து 900 வெள்ளி ஆகும், 1,300 வாங்குகிறேன். 1,800 கேட்டாலும் கொடுப்பார்கள், வேறு ஆள் இல்லை. கேட்கத் துணிவில்லை. பழைய லோரி ஒன்று 30,000, கனோபி, மேசை, நாற்காலி 20,000 என்று போட்டு எவனும் இறங்கலாம். ஆறு மாதத்தில் வேண்டாமென்றால் லோரி 27,000-க்குப் போகும், சாமான் 15,000-க்குப் போகும்.

செந்தூலிலிருந்து

அண்ணே, கையேட்டுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. போட்டது 50,000, திரும்புவது 42,000. மீளாதது 8,000. ஆறு மாதத்தில் 20 விருந்து கிடைத்தால் விருந்துக்கு 400 விழும். 900-உடன் அதைச் சேர்த்தால் 1,300. நீங்கள் 1,800 கேட்டால் புதியவர் 1,600 சொல்லி ஆறு மாதம் ஓட்டி, 6,000 லாபத்துடன் போய்விடுவார். 1,300-இல் நின்றால் அவருக்கு வர வேலையில்லை. கோட்பாட்டின்படி மீளாச் செலவு ஒன்றுமே இல்லையென்றால் உங்கள் விலை 900-ஐ ஒட்டியே வந்திருக்கும்.

இதைப் பார்த்தபின் ‘புகுமீள் சந்தை’ என்று தோன்றுகிறது. புகவும் வேண்டும், முதலோடு மீளவும் வேண்டும். புகுதடை, மீளாச் செலவு இரண்டோடும் கூட்டாக நிற்கும். ‘வந்துபோகும்’ என்றும் யோசித்தேன். போக்குவரவு என்று போனால் பேருந்து நிலையம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து

மீளாச் செலவை ஏற்கிறேன். ஆனால் ஒன்று உதைக்கிறது. புதியவர் 50,000 போட்டு வந்ததும் அண்ணன் அன்றைக்கே 950-க்கு இறங்கினால்? அந்தப் பயத்தில் முதலிலேயே வராமல் இருந்துவிடுவாரே. அப்போது அண்ணன் 1,800 கேட்கலாமே.

பினாங்கிலிருந்து

டீச்சர், கோட்பாட்டின் அடி அங்கேதான் ஆடுகிறது. உள்ளே இருப்பவர் விலையை மாற்றுமுன் புதியவர் விற்று முடித்துவிடலாம் என்று அது வைத்துக்கொள்கிறது. விமானத்தில் அது நடக்கவில்லை. கட்டணத்தை ஒரே நாளில் மாற்றலாம், புது வழித்தடத்தில் விமானம் நிரம்ப மாதங்கள் ஆகும். நெரிசலான நிலையங்களில் இறங்கும் நேரமும் வாசலும் பழையவர் கையில். அடிக்கடி பறப்பவருக்கான புள்ளித் திட்டம் 1981-இல் வந்து பயணிகளையும் கட்டிப்போட்டது. பிறகு அமெரிக்க வழித்தடங்களை ஆராய்ந்தவர்கள், உண்மையில் எத்தனை நிறுவனங்கள் பறக்கின்றன என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறுகிறது என்று கண்டார்கள். வெறும் மிரட்டல் போதவில்லை. ஆனால் மிரட்டல் வெறுமையும் இல்லை. சௌத்வெஸ்ட் என்ற அமெரிக்க விமான நிறுவனம் ஒரு வழித்தடத்தின் இரு முனை நிலையங்களிலும் ஏற்கனவே இயங்கினால், அந்த இரண்டுக்கும் இடையே பறக்கத் தொடங்குமுன்பே மற்றவர்கள் கட்டணத்தைக் குறைத்தார்கள் என்று 2008-இல் ஓர் ஆய்வு வந்தது.

பட்டர்வொர்த்திலிருந்து

எங்கள் தொழிலில் டீச்சர் சொல்வது அப்படியே நடக்காது. கல்யாண வீட்டார் மூன்று, நான்கு மாதம் முன்பே முன்பணம் கொடுத்துவிடுவார்கள். புதிய பையன் முதலில் பத்து வீட்டில் முன்பணம் வாங்கிக்கொண்டு அப்புறம்தான் லோரி பார்ப்பான். அதற்குமேல் நான் விலை குறைத்து என்ன செய்ய? வாக்குக் கொடுத்தவர்கள் கொடுத்தவர்கள்தான்.

எனக்கு வலி மண்டபத்தில்தான். ஒரு மண்டபத்தில் அவர்கள் ஆளின் நாற்காலியைத் தவிர வேறு எதையும் உள்ளே விடமாட்டார்கள். விருந்துக்கு 600 அதிகம். நான் குறைத்துக் கேட்டாலும் கதவு திறக்காது. அதுவும் புகுதடைதானே?

செந்தூலிலிருந்து

நிச்சயமாக, அண்ணே. லோரி வாங்கும் செலவு தொழிலோடு பிறந்தது. மண்டபத்தின் கதவு ஒருவர் வைத்த பூட்டு. கையேட்டில் இரண்டையும் பிரித்தே எழுதுகிறேன்.

பினாங்கிலிருந்து

அங்கே ஒரு பழைய சண்டை இருக்கிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1956-இல் பொருளியலாளர் ஜோ பெய்ன், பெரும் முதல் திரட்ட வேண்டியிருப்பதையும் புகுதடை என்றார். இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் மறுத்தார்: பழையவரும் ஒருநாள் அதே முதலைப் போட்டவர்தானே, புதியவர் மட்டும் சுமக்கும் செலவே தடை என்றார். டீச்சரின் கட்சிக்குப் பெய்ன் துணை. நான் ஸ்டிக்ளர் பக்கம் சாய்கிறேன், ஆனாலும் வங்கிக்கடன் கிடைக்காத பையனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

புகுமீள் சந்தை பற்றி: புகுபவனும் மீள்பவனும் அதில் இருக்கிறார்கள். உள்ளே தனியாக உட்கார்ந்திருப்பவரின் அச்சம் இல்லை. அறைகூவலில் அது இருக்கிறது.

செந்தூலிலிருந்து

அறைகூவலில் மீளும் வழி இல்லையே, ஐயா. இப்போதைக்குக் கையேட்டில் புகுமீள் சந்தை என்று போட்டு, பக்கத்திலேயே அறைகூவற் சந்தை என்பதையும் எழுதுகிறேன். அண்ணே, உங்கள் வாயில் எது வருகிறது?

பட்டர்வொர்த்திலிருந்து

நாங்கள் ‘ஆள் வரும் தொழில்’ என்போம். போன வாரம் பக்கத்துத் தாமான் பையன் ஒருவன் பழைய லோரிக்கு விலை விசாரித்தான் என்று பட்டறையில் சொன்னார்கள். நேற்று வந்த வீட்டுக்கு 1,200 சொன்னேன். அவன் இன்னும் லோரி வாங்கவில்லை.