புதுப்பிப்பு: இரவு ரயிலில் குழந்தைக்குப் பால் பவுடர் கலக்குவது

"சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை இரவு ரயில், ஆறு மாதக் குழந்தை. பால் பவுடரை எப்படி எடுத்துப்போவது?"

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். வீட்டிலேயே கலந்து ஃபிளாஸ்கில் சூடாக வைக்கலாம் என்று ஒருவர் சொன்னதில் ஃபிளாஸ்க் வரைக்கும் சரி. ஆனால் கலந்த பால் இளஞ்சூட்டில் கிடந்தால் கிருமி பெருகும் என்று செவிலியரான ஓர் அக்கா விளக்கியதால், கொதித்த நீரை மட்டும் ஃபிளாஸ்கில் வாய்வரை ஊற்றினேன், ஏனெனில் அரைகுறையாக நிரப்பினால் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். எங்கள் டப்பாவில் 30 மி.லி. நீருக்கு ஒரு தலைதட்டிய கரண்டி என்றிருந்தது. ஆகவே 180 மி.லி.க்கு ஆறு கரண்டி வீதம், ஈரமில்லாத சிறு டப்பாக்களில் வேளைக்கு ஒன்றாக அளந்து வைத்தேன்.

பவுடரிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால் கலக்கும் நீர் 70 டிகிரிக்குக் குறையக் கூடாது. ஃபிளாஸ்க் அதை எவ்வளவு நேரம் காக்கிறது என்று வெப்பமானி வைத்து வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். நீரை முதலில் அளந்து, பிறகு பவுடரைப் போட்டுக் குலுக்கி, மூடிய புட்டியைக் குளிர்ந்த நீருள்ள சொம்பில் நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தே கொடுத்தோம். மிச்சத்தைக் கொட்டிவிட்டோம்.

பசும்பால் பற்றிக் கேட்டவருக்கு: ஒரு வயதுக்குள் இதற்கு அது மாற்றாகாது.

விடியற்கால வேளைக்கு ரயில் சமையல் பெட்டியில் வெந்நீர் வாங்கலாமா என்பதில் அக்காவும் என் மாமியாரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் இரண்டாவது ஃபிளாஸ்க் கொண்டுபோனேன்.