புதுப்பிப்பு: முக்கூடல் தையல் மெஷின் நோட்டீஸ்

முன்பு நான் இங்கே கேட்டது: "அதிகம் படிக்காதவர்களுக்குத் தவணை நோட்டீஸ் எழுதணும். எளிதாக இருக்கணும், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது. எப்படி?"

பதிலில் வாக்கியத்தைச் சுருக்கச் சொன்னவர் சொன்னது பாதி சரி. "மெஷின் நல்லது. வாங்குங்கள்" என்று வெட்டினால் அதட்டல்தான் கேட்கிறது. விளம்பரத்தில் பழுத்த அக்கா ஒருவர், அறிவுரையை நீக்கிவிட்டுக் கணக்கை முழுசாகக் காட்டச் சொன்னார். நோட்டீஸைப் படிக்கப் போகிறவர்கள் பீடி சுற்றும் பெண்கள்; கூலிக் கணக்குப் பார்க்கிறவர்கள். சேமிப்பின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. "எளிய தவணை" போய் இது வந்தது:

"ரொக்கம் 9,000 ரூபாய். தவணையில் மாதம் 800 ரூபாய், 12 மாதம். மொத்தம் 9,600 ரூபாய். தவணை தவறினால் 50 ரூபாய் கூடும்."

வாசித்துக் காட்டிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை; யாரும் தலையாட்டிவிடுவார்கள். "உங்க மதினிகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" என்றேன். ஒருவர் எல்லாம் சரியாகச் சொல்லி, அந்த 50 மட்டும் தினமும் கூடும் என்றார். இப்போது அந்த வரி: "ஒரு மாதம் தவறினால், அந்த மாதத்துக்கு ஒரே தடவை 50 ரூபாய் கூடும்."

சீட்டு நோட்டீஸுக்கும் இது ஆகுமா என்று கேட்டவருக்கு: அதில் தள்ளுக் கணக்கு மாதாமாதம் மாறும், தனியாகத்தான் பார்க்கணும்.

படம் இன்னும் முடிவாகவில்லை. கடைக்காரர் கார்ட்டூன் கேட்கிறார், நான் மெஷின் போட்டோவே போதும் என்கிறேன்.